24 வோல்ட்டில் நின்றுபோன ஷண்ட் ஜெனரேட்டர்

மெஷின்ஸ் லேப் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது டிசி ஷண்ட் ஜெனரேட்டர். மோட்டாரை ஓட்டி வேகத்தை 1500 ஆர்பிஎம்முக்குக் கொண்டுவந்தேன். ஃபீல்டு சுவிட்ச் திறந்திருந்தபோது வோல்ட்மீட்டர் 8 வோல்ட் காட்டியது. சுவிட்சை மூடினேன். முள் 24 வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. அது 220 வோல்ட் மெஷின். இணைப்பு தலைகீழாகிவிட்டது என்று பதறி, மெஷினை நிறுத்தி ஃபீல்டு முனைகள் இரண்டையும் மாற்றிப் போட்டேன். மறுபடி ஓட்டினால் 5 வோல்ட்கூட வரவில்லை.

தேர்வாளர் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, முதல் தடவை சுவிட்ச் போட்டப்போ 8 ஏறுச்சா, இறங்குச்சா?"

பதில் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. 8 வோல்ட் என்பது துருவ இரும்பில் எஞ்சிய காந்தம் தருவது. சுவிட்சை மூடியதும் அந்த 8 வோல்ட் ஃபீல்டு சுருளில் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. அது எஞ்சிய காந்தத்துக்குத் துணை போனால் முள் ஏறும். எதிர்த்தால் 8-க்குக் கீழே இறங்கும். எனக்கு 24-க்கு ஏறியது என்றால் இணைப்பு சரிதான். குறை வேறு எங்கோ இருந்தது. சரியாக இருந்ததை நானே கெடுத்திருக்கிறேன்.

முனைகளைப் பழையபடி மாற்றிக்கொண்டு கணக்குப் போட்டேன். அந்த மெஷினின் திறந்த சுற்று வளைவு 0.3 ஆம்பியர் வரை கிட்டத்தட்ட நேர்கோடு. ஃபீல்டு மின்னோட்டம் 0.1 ஆம்பியரில் 48 வோல்ட், 0.2-இல் 88, 0.3-இல் 128. அதாவது அந்தப் பகுதியில்

```
E = 8 + 400 × I
```

அதற்கு மேல் இரும்பு செறிவடைந்து வளைவு சாய்கிறது: 0.4-இல் 160, 0.6-இல் 202, 0.8-இல் 222. ஃபீல்டு சுருளின் மின்தடை 240 ஓம். தொடக்கத்தில் ரியோஸ்டாட்டை முழுவதுமாக, 360 ஓமில் வைத்திருந்தேன். மொத்தம் 600. மெஷின் எங்கே நிற்கும்? உருவாகும் வோல்ட்டேஜும் ஃபீல்டு கேட்கும் வோல்ட்டேஜும் சமமாகும் இடத்தில். 8 + 400 I = 600 I என்றால் I = 0.04 ஆம்பியர், வோல்ட்டேஜ் 24. நான் பார்த்ததும் அதே 24. சரிபார்த்தால் 0.04 × 600 = 24, வளைவிலும் 8 + 16 = 24.  8-ஐ வகுக்க வேண்டியது 600-க்கும் 400-க்கும் உள்ள வித்தியாசமான 200-ஆல். 8/200 = 0.04. அந்த வித்தியாசம்தான் இந்தப் பாடத்தின் உயிர் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

வளைவின் நேர்பகுதிச் சரிவான 400 ஓம்தான் மாறுநிலை ஃபீல்டு மின்தடை. மொத்த மின்தடை அதைவிட அதிகமாக இருந்தால் ஃபீல்டு மின்தடைக் கோடு வளைவை ஆரம்பத்திலேயே வெட்டிவிடும். ரியோஸ்டாட்டை மெதுவாகக் குறைத்தேன். 500 ஓமில் 40 வோல்ட். 400-இல் 160. மொத்தம் 300 ஓமுக்கு வந்தபோது 213 வோல்ட்டில் நின்றது. 500-இலிருந்து 400-க்கு வரும்போது முள் தாவுவதைக் கவனியுங்கள். எஞ்சிய காந்தம் இருப்பதால் எல்லை கத்தியால் வெட்டியதுபோல இருக்காது, ஆனாலும் அது எங்கே என்று கண்ணுக்குத் தெரியும்.

வைவாவில் அடுத்து கேட்டது: "ஏன் 213-ஓட நின்னுச்சு, ஏன் ஏறிக்கிட்டே போகலை?" 300 ஓமில், 0.4 ஆம்பியர் இருக்கும் கணத்தில் மெஷின் தருவது 160, மின்தடை எடுப்பது 120. மிச்சமுள்ள 40 வோல்ட் சுருளின் தூண்டலை எதிர்த்து மின்னோட்டத்தை மேலே தள்ளுகிறது. 0.7-ஐத் தாண்டும்போது இரும்பு செறிவடைந்து அந்த மிச்சம் தீர்ந்துவிடுகிறது. செறிவு இல்லாவிட்டால் கோடும் வளைவும் சந்திக்கவே சந்திக்காது.

வேகத்தையும் மறக்காதீர்கள். வேகம் குறைந்தால் வளைவு முழுவதும் அதே விகிதத்தில் தாழும், மாறுநிலை மின்தடையும் தாழும். 300 ஓமுக்கு மாறுநிலை வேகம் 1500 × 300/400 = 1125 ஆர்பிஎம். அதே 300 ஓமோடு 1000 ஆர்பிஎம்மில் ஓட்டினால் 48 வோல்ட்தான் வரும். ரியோஸ்டாட்டைத் தொடும்முன் டாக்கோமீட்டரைப் பாருங்கள்.

சுவிட்ச் திறந்திருக்கும்போதே 8-க்குப் பதில் பூஜ்யம் காட்டினால், முதலில் பிரஷ் கம்யூட்டேட்டரில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரி என்றால் எஞ்சிய காந்தம் போய்விட்டது. மெஷினை நிறுத்தி, ஃபீல்டை ஆர்மேச்சரிலிருந்து பிரித்து, 12 வோல்ட் பேட்டரியைச் சரியான முனைப்பில் சில விநாடி கொடுத்தால் போதும். பேட்டரியை எடுக்கும்போது வயரைக் கையால் பிடுங்காதீர்கள், சுவிட்ச் வழியாக எடுங்கள். அந்தச் சுருள் நல்ல அதிர்ச்சி கொடுக்கும்.