காலையில் முகம், மாலையில் கால்

உடம்பு வீக்கம் என்று வருகிறவர்களிடம், எந்த இடம் முதலில் வீங்கியது, எந்த நேரத்தில் அதிகம் என்றுதான் முதலில் கேட்பேன். எங்கள் தாலுகா மருத்துவமனையில் எக்கோ எடுக்க வெளியூருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன்பே பாதி விடை இந்தப் பதிலில் கிடைத்துவிடும்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருத்தி வந்திருந்தாள். "காலையில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை டாக்டர். மதியத்துக்குள் முகம் வடிந்துவிடுகிறது. சாயங்காலம் செருப்பு நுழைய மாட்டேன் என்கிறது" என்றாள். நாள் முழுவதும் நிற்பதால் என்று எல்லோரும் சொன்னார்களாம். மருந்துக் கடையில் நீர் பிரியும் மாத்திரை வாங்கிப் போட்டால் குறைந்து, நிறுத்தியதும் திரும்ப வந்தது.

நிற்கும்போது காலுக்கு இறங்குகிற நீர், மட்டமாகப் படுத்ததும் கண்ணைச் சுற்றியுள்ள தளர்ந்த திசுவில் சேர்கிறது. சிறுநீரக நோயாளியால் பெரும்பாலும் மட்டமாகப் படுக்க முடியும். அதனால்தான் காலையில் முகம் உப்புகிறது. இதயம் தளர்ந்தவருக்குப் படுத்தாலே மூச்சு முட்டும். இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்குவார். அவருக்கு வீக்கம் காலோடு நிற்கும், கழுத்து நரம்பு புடைத்துத் தெரியும். கல்லீரல் சுருங்கியவருக்கு முதலில் வயிற்றில்தான் நீர் கோக்கும். வேட்டியோ பாவாடை நாடாவோ இறுகுகிறது என்பார். முகமும் கையும் மெலிந்திருக்கும்.

இவளுக்கு மூச்சுத் திணறல் இல்லை, கழுத்து நரம்பும் வயிறும் சரியாக இருந்தன. கணுக்காலுக்கு மேல் எலும்பின்மீது கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தினேன். குழி விழுந்தது. சிறுநீர் நுரைக்கிறதா என்று கேட்டதற்கு, தண்ணீர் ஊற்றினாலும் நுரை போகவில்லை என்றாள்.

ஆய்வகத்தில் சோதனைக் குழாயில் முக்கால் பங்கு சிறுநீர் எடுத்து, மேற்பகுதியை மட்டும் சூடாக்கினார்கள். வெள்ளையாகத் திரண்டது. சில சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டும் கரையவில்லை. கரைந்திருந்தால் அது வெறும் பாஸ்பேட் உப்பு. கரையாதது புரதம். ரத்தத்திலும் அல்புமின் என்ற புரதம் மிகவும் குறைந்திருந்தது. அதை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கல்லீரல் நோயிலும் அல்புமின் குறையும். அங்கே உற்பத்தி குறைகிறது, இங்கே சிறுநீரில் ஒழுகிப் போகிறது. சிறுநீரைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

மருத்துவக் கல்லூரியில் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்துவிட்டு, வடிகட்டும் சவ்வு தடித்திருக்கிறது என்றார்கள். அங்கிருந்த நிபுணர் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது: "முகத்துக்கு என்ன கிரீம் போடுகிறாய்?" தயாரிப்பாளர் பெயரே இல்லாத சிவப்பழகு கிரீம் ஒன்றைப் பல மாதமாகப் பூசி வந்திருக்கிறாள். அத்தகைய கிரீம்களில் கலக்கும் பாதரசம் தோல் வழியே ஏறி இந்த நோயைத் தரக்கூடும். கேரளத்தின் மலப்புறம் பகுதியிலும் இப்படிப் பலரைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

கிரீமை நிறுத்தி, உப்பைக் குறைத்து, அவர்கள் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தொடர்ந்தாள். புரதம் ஒழுகுவது சில மாதங்களில் படிப்படியாகக் குறைந்தது. காலையில் முகம் வீங்கி வருகிறவர்களிடம் இப்போது கிரீமைப் பற்றியும் கேட்கிறேன். வீட்டில் டப்பா இருந்தால் கொண்டுவரச் சொல்கிறேன்.