நுவரெலியாவின் உறைபனி இரவுக்கு வெப்பப் பம்பியின் அளவைத் தெரிந்தெடுத்த கதை

நுவரெலியாவில் நாங்கள் நடத்தும் நான்கு அறை விடுதிக்கு, வெளிக் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக் குழாய் நீரைச் சூடாக்கும் வெப்பப் பம்பி பொருத்த முடிவு செய்தபோது, கட்டடம் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதை முதலில் அளந்தேன். ஓர் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை மின் ஹீட்டர்களால் உள்ளே 18 பாகை இருக்குமாறு பார்த்துக்கொண்டேன். வெளியே சராசரி 8 பாகை. செலவு 28 அலகுகள். அதாவது 10 பாகை வேறுபாட்டுக்கு 4 கிலோவாற்று. தை, மாசியில் புல்லில் உறைபனி படியும் இரவுகளை எண்ணி வெளி வெப்பநிலையை 3 பாகையாகக் கொண்டால், தேவை 6 கிலோவாற்று.

"7 கிலோவாற்று தாராளமாகப் போதும் ஐயா" என்றார் விற்பனையாளர். அந்த 7 என்பது வெளியே 7 பாகை இருக்கும்போது கிடைப்பது. அட்டவணையில் 2 பாகைக்கு 5.8 என்றிருந்தது; அதன் கீழே, பனி நீக்கும் நேரம் சேர்க்கப்படவில்லை என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது.

அந்தக் குறிப்பின் பொருள் நானுஓயாவில் நண்பர் வீட்டில்தான் புரிந்தது. அங்கே ஓடுவதும் அதே மாதிரி இயந்திரம். அதிகாலை 4 மணிக்குக் கடிகாரத்துடன் அதன் அருகே நின்றேன். காற்று உறைநிலைக்கு மேலே இருந்தாலும் வெளிச் சுருள் அதைவிடப் பல பாகை குளிர்ந்திருப்பதால், நமது மூடுபனியின் ஈரம் அதன் தகடுகளில் வெள்ளையாகப் படிந்து காற்றோட்டத்தை அடைத்தது. ஈரமில்லாத கடுங்குளிரைவிட இந்த ஈரமான 2, 3 பாகைதான் இயந்திரத்துக்குப் பெருந்தொல்லை. 45 நிமிடம் ஓடியபின் விசிறி நின்றது, வால்வு சீறியது, சுருளிலிருந்து ஆவி கிளம்பித் தண்ணீர் கொட்டியது. அந்த 5 நிமிடமும் இயந்திரம் வீட்டுக்கு வெப்பம் தரவில்லை. மாறாக, குழாய்களில் இருந்த சுமார் 40 லீற்றர் நீரை ஏறக்குறைய 7.5 பாகை குளிர்வித்து, அந்த வெப்பத்தால் பனியை உருக்கியது. அது 0.35 அலகு.

இனிக் கணக்கு எளிது. 45 நிமிடத்தில் 5.8 கிலோவாற்று வீதம் 4.35 அலகு கிடைக்கிறது, 0.35 கழிய மிஞ்சுவது 4. அதை 50 நிமிடத்துக்குப் பரப்பினால் 4.8 கிலோவாற்று. எனக்கு 1.2 குறைகிறது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு என்பதால், உண்மை இன்னும் சற்றுக் கீழேதான் இருக்கும்.

பெரிய இயந்திரம் வாங்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். ஆனால் ஆண்டின் பெரும்பாலான இரவுகளில் வெளியே 12 பாகையளவு இருக்கும்போது எனக்குத் தேவை 2.4 கிலோவாற்றுதான், அந்தப் பெரிய மாதிரியின் மிகக் குறைந்த வலுவே 4. அது ஓயாமல் நின்று நின்று ஓடும். ஆகவே 7 கிலோவாற்று இயந்திரத்தையே எடுத்து, மொத்த நீர் 100 லீற்றர் ஆகும்படி ஒரு தாங்கியும், அதற்குள் 2 கிலோவாற்று ஹீட்டரும் வைத்தேன். இப்போது பனி நீக்கும்போது நீர் 3 பாகையளவே குளிர்கிறது. வெளியே 5 பாகைக்குக் கீழே போனால் மட்டும் ஹீட்டர் எரிகிறது. வடியும் நீர் நடைபாதையில் உறைந்து வழுக்கியதால், அதற்கொரு வடிகானை மட்டும் பிறகு வெட்ட வேண்டியதாயிற்று.