வருசப்பிறப்புக்கு முன் எத்தனை மூட்டை?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் களஞ்சியப் பொறுப்பு என்னுடையது. ஒவ்வொரு சித்திரையிலும் வருசப்பிறப்போடு சேர்த்து, பொயிலர் கழுவிப் பழுதுபார்க்க, ஆலையை 8 நாள் நிறுத்துவோம். அதற்குள் எவ்வளவு புழுங்கல் அரிசி சேர்த்து வைப்பது என்பதுதான் மாசி கடைசியில் வரும் கேள்வி.

ஆலை 8 நாள் பூட்டினாலும் அரிசி வராத நாள் 11. திறந்த அன்று நெல் ஊறப்போட்டால் மறுநாள் அவித்து, களத்தில் காயவிட்டு, குற்றி எடுக்க மூன்று நாள் போய்விடும். முதலாளி இதை அறிந்தவர். "தம்பி, 11 நாள், நாளுக்கு 60 மூட்டை. 660 வை" என்றார்.

"ஐயா, அவ்வளவு தேவைப்படாது" என்று பழைய பில் புத்தகங்களை விரித்தேன். வருசத்தை ஒட்டி மூன்று நாள் லொறி ஓடாது. மிஞ்சுவது 8 நாள். அதிலும் பிறப்புக்குப் பிந்திய நாலு நாள் கடைக்காரர் பாதிதான் எடுப்பார்கள், ஆகவே 360 மூட்டை. ஆனால் அந்தப் பாதி எங்கும் போகவில்லை. பிறப்புக்கு முந்திய வேலை நாள் ஆறிலும் நாளுக்கு 20 மூட்டை கூடுதலாகவே வாங்கியிருந்தார்கள். அந்த 120ஐயும் கூட்டினால் 480. எதிர்பாராத ஓடருக்கென்று 40 சேர்த்து 520இல் நிறுத்தினோம்.

520ஐ எப்போது தொடங்குவது என்பதை எங்கள் களம்தான் தீர்மானிக்கிறது. இயந்திரம் இன்னும் குற்றும். ஆனால் காயப்போட இருக்கிற இடத்தில் நாளுக்கு 75 மூட்டைக்கான நெல்தான் காயும். விற்பனை போக மிச்சம் 15. ஆக, 35 வேலை நாள் முன்னதாகத் தொடங்கவேண்டும். பங்குனி முடிவில் பின்னேர மழை வரத் தொடங்கும், அப்போது அவசரப்பட்டால் ஈரம் 14 வீதத்துக்கு மேல் நிற்கும் நெல்லைக் குற்றவேண்டி வரும். மூட்டைக்குள் கைவிட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். சில நாளில் புழுங்கல் நாற்றம் மாறிப் பூஞ்சண வாடை வரும். அந்த அரிசியைக் கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது.

சேர்ப்பதையெல்லாம் அரிசியாகவே வைக்கத் தேவையில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். திறந்த பிறகான மூன்று நாளுக்குரிய 180 மூட்டையை அவித்துக் காய்ந்த நெல்லாகவே, உமியோடு விட்டுவிடுகிறோம். மூட்டைக்கு 50 கிலோ, 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி என்று பார்த்தால் கிட்டத்தட்ட 14 தொன் நெல். உமிக்குள் இருக்கும்வரை வண்டு எளிதில் ஏறாது. திறந்த அன்று காலையே குற்றத் தொடங்கலாம்.

தீட்டாத மொட்டைக்கறுப்பன் பச்சை அரிசிக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, வெக்கையில் கெதியாகச் சிக்கு மணம் பிடிக்கும். அதில் 10 மூட்டைக்கு மேல் சேர்ப்பதில்லை. முடிந்துவிட்டால், திறந்து மூன்றாம் நாள் தாறம் என்று கடைக்காரருக்கு முதலே சொல்லிவைக்கிறோம்.