அன்று பெட்டி காலியாக இருந்தது

பெங்களூரு பீன்யாவில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கணக்குப் பிரிவில் சேலத்து அக்கா ஒருவர் இருக்கிறார். பதினைந்து வருட சர்வீஸ். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். ஏமாந்தவர் அவர்தான் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு புதன்கிழமை மதியம் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். "உங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சாமே, கணக்குப் பிரிவிலிருந்து மெயில் வந்திருக்கு. பணம் போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்கலாம்னு கூப்பிட்டேன்." அக்காவின் முகவரியிலிருந்துதான் அந்த மெயில் போயிருந்தது. அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அனுப்பியவை பட்டியலிலும் அது இல்லை.

அவருடைய அவுட்லுக்கில் விதிகளைத் திறந்து பார்த்தேன். வெறும் ஒரு புள்ளியைப் பெயராகக் கொண்டு ஒரு விதி உட்கார்ந்திருந்தது. invoice, payment என்ற சொற்கள் உள்ள மெயில் வந்தால், படித்ததாகக் குறியிட்டு RSS Feeds கோப்புறைக்குத் தள்ளிவிடு என்பது அதன் வேலை. அந்தக் கோப்புறையை யாரும் திறப்பதே இல்லை. வாடிக்கையாளர்கள் அனுப்பிய பதில்களெல்லாம் அங்கேதான் கிடந்தன.

"நேத்து ஏதாவது லிங்கைத் திறந்தீங்களாக்கா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ஓசூரில் நாங்கள் வழக்கமாகச் சரக்கு வாங்கும் இடத்திலிருந்து வந்த ஒரு மெயிலைக் காட்டினார். தெரிந்த முகவரி. பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவே வந்திருந்தது. திருத்திய விலைப்பட்டியலைப் பகிர்ந்திருப்பதாக ஒரு லிங்க். அதுவும் உண்மையான ஒன்டிரைவ் லிங்க்தான். அவர்கள் கணக்கையே யாரோ கைப்பற்றி, அதற்குள் ஒரு கோப்பை வைத்துப் பகிர்ந்திருக்கிறார்கள். கோப்பைத் திறந்தால் மங்கலான ஒரு பட்டியல், அதன்மேல் 'ஆவணத்தைப் பார்க்க' என்று ஒரு பொத்தான். பொறி அந்தப் பொத்தானில்தான். மெயிலை வடிகட்டும் மென்பொருளின் கண்ணில் பட்டது முதல் லிங்க் மட்டும்தான்.

அக்கா சந்தேகப்படாமல் இல்லை. "இது நீங்க அனுப்பினதுதானா?" என்று அதே மெயிலுக்குப் பதில் போட்டுக் கேட்டிருக்கிறார். "ஆமாம், பாருங்கள்" என்று ஐந்து நிமிடத்தில் பதில் வந்திருக்கிறது. அந்த மெயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த திருடன்தானே பதில் போடுவான்! தெரிந்த நம்பருக்கு ஒரு போன் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பொத்தானை அமுக்கியதும் வந்த உள்நுழைவுப் பக்கத்தில் எங்கள் கம்பெனியின் லோகோவே இருந்ததாம். எப்படி என்றால், இந்த வகைக் கள்ளப் பக்கம் உண்மையான பக்கத்துக்கும் நமக்கும் நடுவில் நின்றுகொண்டு, அங்கிருந்து வருவதை இங்கே காட்டும், நாம் தட்டுவதை அங்கே கொண்டு சேர்க்கும். அதனால் கைப்பேசிச் செயலியில் போடச் சொல்லும் இரண்டு இலக்க எண்ணும் சரியாகவே வந்தது. அக்கா போட்டார், உள்நுழைவும் உண்மையாகவே நடந்தது. உள்ளே நுழைந்தவர் இவர்தான் என்று காட்டும் குக்கி மட்டும் நடுவில் நின்றவனிடம் போய்விட்டது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருக்கிறதே என்று அதுவரை நிம்மதியாக இருந்தவன் நான்.

எழுத்துப் பிழை பாருங்கள், தெரியாத முகவரியா என்று பாருங்கள் என்று நான் எடுத்த வகுப்பு எதுவும் இங்கே உதவவில்லை. ஆனால் அக்கா போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "எப்பவும் பாஸ்வேர்டு தானா வந்துரும் தம்பி. அன்னைக்குப் பெட்டி காலியா இருந்துச்சு. டைரியை எடுத்துப் பார்த்து அடிச்சேன்."

அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உலாவி லோகோவைப் பார்ப்பதில்லை. கடவுச்சொல்லை எந்த முகவரிக்குச் சேமித்ததோ, அந்த முகவரியில்தான் நிரப்பும். அது எங்களுக்கு login.microsoftonline.com. கள்ளப் பக்கத்தின் முகவரியும் login என்றுதான் தொடங்கியது. ஆனால் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால், கடைசியாக இருந்த பெயர் வேறு. உலாவி அதைக் கவனித்துப் பேசாமல் இருந்துவிட்டது.

அப்புறம் அன்று மாலை முழுக்கக் கழுவும் வேலை. கடவுச்சொல்லை மாற்றியதோடு நிற்க முடியாது. திறந்திருந்த உள்நுழைவுகள் அனைத்தையும் ரத்து செய்தேன். சரிபார்ப்பு முறைகளின் பட்டியலில் அக்காவுடையது அல்லாத ஒரு கைப்பேசி சேர்ந்திருந்தது. அதை விட்டிருந்தால் மறுபடி உள்ளே வர அவனுக்கு ஒரு வழி இருந்திருக்கும். விதியை அழித்தேன். மெயில் போன ஒவ்வொருவருக்கும் அக்காவே போன் செய்தார். யாரும் பணம் போட்டிருக்கவில்லை.

இப்போது பெட்டி காலியாக இருந்தால் அவர் எதையும் தட்டுவதில்லை, என்னைக் கூப்பிடுகிறார். போன வாரம்கூட, "தம்பி, காலியா இருக்கு, வா" என்றார். ஓடிப் போய்ப் பார்த்தால் உண்மையான பக்கம்தான். முதல் நாள் அவர் கணினியை மாற்றிக் கொடுத்தது நான். சேமித்திருந்த கடவுச்சொற்களைப் புதியதற்குக் கொண்டுவர மறந்திருந்தேன்.