எடையை மட்டும் நம்பிய சமான அலகு

மூன்று அளவுகளில் பிளாஸ்டிக் குப்பி வார்க்கும் ஆலை எங்களுடையது. 1 லிட்டர் குப்பியைத் திட்ட அலகாக வைத்து மற்றவற்றை அதற்குச் சமமாக மாற்றும் அட்டவணையைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. பழைய அட்டவணையில் எல்லாச் செலவுக்கும் எடையே காரணியாக இருந்தது: 250 மி.லி.க்கு 16 கிராம், 1 லிட்டருக்கு 40, 5 லிட்டருக்கு 160, ஆகவே 0.4, 1, 4. மூலப்பொருளுக்கு இது சரி. ஆனால் மின்சாரம், கூலி, தேய்மானம் ஆகிய உருமாற்றச் செலவுகள் இயந்திர நேரத்தைப் பின்பற்றுபவை.

நேரத்தைக் கேட்டு உற்பத்தித் திட்டப் பிரிவுக்குப் போனால், அங்கிருந்த எழுத்தர் ஒரு தாளை நீட்டினார். 250 மி.லி.க்கு 24 வினாடி, 1 லிட்டருக்கு 15, 5 லிட்டருக்கு 30 என்றிருந்தது. சிறிய குப்பிக்கு 1 லிட்டர் குப்பியைவிட அதிக நேரமா என்று கேட்டதற்கு, "தாளில் உள்ளதுதான் கணக்கு, சார்" என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

அம்மாத உற்பத்தி முறையே 60,000, 40,000, 10,000 குப்பிகள். அவர் தந்த நேரங்களால் பெருக்கினால் 650 மணி வந்தது. இயந்திரப் பதிவேட்டிலோ மொத்த ஓட்டமே 480 மணிதான். தாள் பொய் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. (காரணி எதுவானாலும் இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் கையெழுத்திடாதீர்கள்.) விடை டூல் ரூமில், ஒவ்வொரு அச்சுக்கும் இருக்க வேண்டிய அட்டையில் இருந்தது. சிறிய குப்பியின் அட்டை மட்டும் இடத்தில் இல்லை; பலமுறை அலைந்த பிறகு, பழுதுக்குப் போன வேறோர் அச்சின் கோப்புக்குள் அகப்பட்டது. அந்த அச்சில் இரண்டு குழிகள். 24 வினாடி என்பது ஒரு வார்ப்புக்கு, குப்பிக்கு 12தான். மொத்தம் 450 மணியாகப் பதிவேட்டுக்குள் அடங்கியது. மீதி 30 மணி அச்சு மாற்றத்துக்கும் கழிவுக்கும் போதும்.

நேரக் காரணிகள் 0.8, 1, 2 ஆயின. சமான அலகுகள் 1,08,000. உருமாற்றச் செலவு 10,80,000 என்பதால் அலகுக்கு 10. சிறிய குப்பி 8 சுமக்கிறது, பெரியது 20. எடைக் காரணியிலோ 1,04,000 அலகுகள் கிடைத்து, சிறியது 4.15 ஆகவும் பெரியது 41.54 ஆகவும் காட்டப்பட்டு வந்தன. லாபமென்று நாங்கள் விற்றுத் தள்ளிய சிறிய குப்பி உண்மையில் தன் செலவில் ஏறக்குறையப் பாதியைப் பெரியதன் தலையில் ஏற்றியிருந்தது.

தலைமை அலுவலகப் படிவத்தில் காரணிக்கு ஒரே பத்திதான். இரண்டையும் கலந்து ஒன்றாக்கச் சொன்னார்கள். கலந்த காரணி, மூலப்பொருள் விலை நகரும்போதெல்லாம், ஆலையில் எதுவும் மாறாமலே மாறிவிடும் என்று எழுதி, இரு விலைகளில் கணக்கிட்டும் காட்டினேன். நீண்ட மௌனத்துக்குப் பிறகு இரண்டு பத்திகளுடன் புதிய படிவம் வந்தது. நேரப் பத்தியின் அடியில், குழி எண்ணிக்கைக்கு ஒரு கட்டமும் சேர்த்திருந்தார்கள்.