புதாறா, கல்லணைக் கால்வாயா?

இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது ஒரே ஒரு வரிதான். பாசனப் படத்துக்குப் பின்னணிக் குரல் பதிவு. எழுதிக் கொடுத்திருந்த வாக்கியம் இது:

"கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரியும் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரப் பல நாளாகும்."

குரல் கொடுத்த அம்மா ஐந்தே விநாடியில் சொல்லி முடித்துவிட்டார். கேட்க நன்றாகவே இருந்தது. வசன வரியாகத் திரையில் போட்டதும்தான் சிக்கல். மென்பொருள் 123 எழுத்து என்று சிவப்புக் காட்டியது. அது புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுகிறது. 'தண்ணீர்' அதற்கு ஏழு, நம் கண்ணுக்கு நாலு. கண்ணால் எண்ணினால், இடைவெளியும் சேர்த்து 78. எங்கள் கணக்கு, கைபேசியில் பார்ப்பவருக்கு விநாடிக்கு 12 எழுத்து, ஒரு வரிக்கு 25. அப்படியானால் ஆறரை விநாடி வேண்டும். சிவப்பு மிகைதான், ஆனால் தவறில்லை.

வரியை மட்டும் சுருக்கியிருக்கலாம். அப்போது காது ஒன்று கேட்கும், கண் வேறொன்று படிக்கும். பார்ப்பவர் இரண்டையும் விட்டுவிடுவார். குரலை இழுத்துப் பேசச் சொல்வதும் உதவாது. 'பிரியும்' வரும்வரை நாலு பெயரும் அந்தரத்தில் தொங்குகின்றன. அதனால் வாக்கியத்தையே உடைத்தோம்:

"கல்லணையில் தண்ணீர் நான்காகப் பிரிகிறது."
"காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்."
"கடைமடைக்கு வந்து சேரப் பல நாளாகும்."

முதலாவது 24 எழுத்து, மூன்றாவது 23. ஒவ்வொன்றும் ஒரே வரியில் அடங்கி, இரண்டு விநாடியில் படிக்க முடிகிறது. நடுவில் உள்ளது 29, இரண்டு வரியாக மடியும். மென்பொருள் தானாக மடித்தபோது 'கல்லணைக்' மேல் வரியிலும் 'கால்வாய்' கீழ் வரியிலும் விழுந்தன. மேல் வரி க் என்று முடிந்து அந்தரத்தில் நின்றது. கையால் 'வெண்ணாறு'க்குப் பிறகு மடித்தோம்.

அப்போதுதான் அந்த அம்மா கேட்டார், "சார், புதாறுன்னே சொல்லிடவா? நாங்க அப்படித்தானே சொல்றோம்."

"வெளியூர்க்காரங்களுக்குப் புரியாதும்மா."

அவர் மறுக்கவில்லை. மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டியதால் கல்லணைக் கால்வாய்க்குப் புது ஆறு என்று பெயர், பேச்சில் புதாறு. அந்தச் சொல்லைப் போட்டிருந்தால் நடு வரி 22 எழுத்தாகி, ஒரே வரியில் நின்றிருக்கும். குரலும் வரியும் அப்போதும் ஒத்துத்தான் போயிருக்கும். படம் யாருக்காக எடுத்தோமோ, அவர்கள் வாயில் வரும் சொல்லும் அதுதான்.

ஆனாலும் அரசுப் பலகையிலும் தண்ணீர் திறப்பு அறிவிப்பிலும் 'கல்லணைக் கால்வாய்' என்றுதான் வருகிறது. அதைப் படித்துவிட்டு வருபவருக்குப் படத்தில் வேறு பெயர் இருந்தால் குழப்பம். இந்தச் சமாதானம் சரியாகத்தான் படுகிறது. பதிவை மறுபடி போட்டுக் கேட்டால் வேறு மாதிரி. மற்ற மூன்று பெயரையும் இயல்பாகச் சொல்லும் அந்தக் குரல், 'கல்லணைக் கால்வாய்' வரும் இடத்தில் மட்டும் ஒரு கணம் நின்று, பார்த்துப் படிக்கிறது.