இரும்புப் பெட்டியில் தூசி பித்தளையாக மின்னினால்

இரண்டு நாளாக ஆட்டம் காட்டிய பெட்டி நேற்று ராத்திரிதான் வழிக்கு வந்தது. பிளெண்டரில் செய்யும் 3D மாடல்தான்: பச்சை பெயிண்ட் உரிந்த பழைய இரும்புப் பெட்டி, 2048 டெக்ஸ்ச்சர். மாதிரிக்கு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காயலான் கடையில் எடுத்த படங்கள்.

பெயிண்டும் இரும்பும் சீக்கிரம் முடிந்தன. பெயிண்டுக்கு மெட்டாலிக் 0, ரஃப்னஸ் 0.5, உரிந்த இடத்தில் மெட்டாலிக் 1, ரஃப்னஸ் 0.35. மெட்டாலிக் மேப்பில் இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறம் ஒன்றிரண்டு பிக்சலோடு நிற்க வேண்டும்.

சிக்கல் தூசியில். அழுக்கு மாஸ்க்கை வைத்து நிறத்தைப் பழுப்பாக்கி, ரஃப்னஸை 0.9க்கு ஏற்றியிருந்தேன். பெயிண்ட் மேல் அசல் தூசி. உரிந்த விளிம்புகளிலோ, பழைய பித்தளைச் சொம்பு மாதிரி மினுமினுப்பு! ரஃப்னஸை 1 வரை தள்ளியும் பித்தளை மங்கியதே தவிர மண்ணாகவில்லை. காரணம் மெட்டாலிக் மேப். அது 1 ஆக இருக்கும் இடத்தில், நாம் கொடுக்கும் நிறம் பரப்பின் நிறமாகாது, பிரதிபலிப்பின் நிறமாகிவிடும். மண் உலோகம் இல்லை. அது இரும்பை மூடும் இடத்தில் மெட்டாலிக்கும் இறங்கியாக வேண்டும். ஆகவே ஒரே மாஸ்க் நிறம், ரஃப்னஸ், மெட்டாலிக் மூன்றையும் ஓட்ட வேண்டும்:

```
metallic  = bare * (1 - dirt)
roughness = mix(base_rough, 0.9, dirt)
```

இதைப் போட்டும் மூடி முழுக்க ஈயம் பூசியதுபோல் இருந்தது. மாஸ்க் எங்கும் 0.4, 0.5 என்று நடுவிலேயே கிடந்ததுதான் காரணம். `ColorRamp` முனைகளை நெருக்கி, பெரும்பகுதி 0 அல்லது 1 பக்கம் ஒதுங்கும்படி செய்தேன். மெல்லிய படலத்துக்கு மட்டும் நடுமதிப்பை விட்டேன். பிறகு கையால் தீட்டினேன்: ஆணித் தலையின் உச்சி சுத்தம், அதைச் சுற்றி வளையமாக மண், கைப்பிடியில் தூசியே இல்லை, விரல் பட்டுத் தேய்ந்து ரஃப்னஸ் 0.25.

மேப்பை ஏற்றுமதி செய்து திரும்பக் கொண்டுவந்ததும் பெட்டி முழுக்க ஈரம் பட்டதுபோல் பளபளத்தால், மாஸ்க்கை நோண்டாதீர்கள். ரஃப்னஸ் படத்தின் `Color Space` `sRGB`யில் நிற்கும், 0.5 என்று தீட்டியது 0.21 ஆகப் படிக்கப்படும். `Non-Color` ஆக்குங்கள். மெட்டாலிக் படத்துக்கும் அதேதான்.

மாதிரிப் படம் எடுப்பவர்களுக்கு ஒன்று: வேலூர் உச்சி வெயிலில் எடுத்தால் ஒரு வெள்ளைப் புள்ளி எரிவதைத் தவிர ரஃப்னஸ் எதுவும் தெரியாது. கொட்டகை நிழலில், வாசல் வெளிச்சம் மூடியின் மேல் சாய்வாக வழுக்கும் கோணத்தில் நின்றால், எண்ணெய்க் கை பட்ட இடம்கூடத் தனியாகத் தெரியும்.

பெட்டியின் அடிப்பக்கம் இன்னும் தொடவில்லை. அங்கே துரு வேண்டும், அதற்கும் மெட்டாலிக் 0தான். ஆனால் மனசு இப்போதே அடுத்த மாடலான பால் கேனுக்கு ஓடுகிறது. அலுமினியம், பெயிண்டே கிடையாது. முழுச் சுமையும் ரஃப்னஸ் மேல்தான்.